குவாங்சோவில் டிரைவ் திறக்குமா? ரோமிங், இ-சிம், ஹோட்டல் வைஃபை, எஸ்எஸ்டி: ஓர் ஒப்பீடு

காரைக்குடிப் பக்கமிருந்து வெளிநாடு கிளம்புகிறவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பினாங்கு தைப்பூசத்துக்கோ சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்கோ போகிறவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை, சரக்கு எடுக்கப் போகிறவர்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக மாற்றும் வேலை நடப்பதால் விளக்கு, குழாய், கைப்பிடி, சுவிட்ச் என்று தேடிக்கொண்டு சீனா வரை போய் வருகிறார்கள். அங்கே குவாங்சோ நகரில் 1957 முதல் கேன்டன் கண்காட்சி நடக்கிறது, வருஷத்துக்கு இரண்டு முறை.

இரண்டாவது வகையினர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "சாமானைப் படம் எடுத்து டிரைவில் போட்டுட்டா, தம்பி இங்கே கடையிலிருந்தே பார்த்து வேணும் வேணாம்னு சொல்லிடுவான். அதுக்கு எந்த சிம் போடணும்?" தைப்பூசத்துக்குப் போகிறவருக்கு இதற்கு எளிதாகப் பதில் சொல்லிவிடலாம். குவாங்சோ என்றால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே ஒரே பயணத்தை வைத்துப் பார்ப்போம். திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் இரண்டு நாள், அப்புறம் குவாங்சோவில் நான்கு நாள். கையில் ஒரு போன், ஒரு லேப்டாப். படங்கள் போக வேண்டியது கூகுள் டிரைவில் உள்ள ஒரு பொதுக் கோப்புறைக்கு. அதை ஊரில் தம்பி திறந்து பார்ப்பார்.

## எதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, அந்த ஊரில் உங்கள் கிளவுட் திறக்குமா என்பது. மலேசியா, சிங்கப்பூரில் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் எல்லாம் சாதாரணமாகத் திறக்கும். சீனப் பெருநிலத்தில் கூகுள், டிராப்பாக்ஸ், வாட்ஸாப் மூன்றும் தடுக்கப்பட்டிருக்கின்றன. ஹாங்காங், மக்காவுக்கு அந்தத் தடுப்புச் சுவர் கிடையாது. ஆப்பிளின் ஐகிளவுட் சீனாவிலும் திறக்கிறது. 'அங்கே எல்லாரும் வீசாட்தானே, அதிலேயே தம்பிக்கு அனுப்பிவிடலாமே' என்று தோன்றும். அதை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. அந்தப் பக்கம் வாட்ஸாப் இல்லை, இந்தப் பக்கம் வீசாட் இல்லை.

இரண்டாவது, ஏற்றும் வேகம். ஹோட்டல்காரர் "வைஃபை நல்லா இருக்கும்" என்று சொல்வது பெரும்பாலும் இறக்கும் வேகத்தைத்தான். படம் பார்க்க அது போதும். டிரைவில் போட ஏற்றும் வேகம் வேண்டும், அது பல இடங்களில் இறக்கும் வேகத்தில் சிறு பங்குதான் இருக்கும்.

மூன்றாவது, ஓடிபி. புது ஊரிலிருந்து நுழைகிறீர்கள் என்றால் கணக்கு உங்களைச் சந்தேகப்பட்டு ஒரு எண் கேட்கலாம். அந்த எண் இந்திய சிம்முக்கு வரும். அந்த சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்திருந்தால் எண் எங்கே வரும்?

நான்காவது செலவு. பேக்கின் விலையைச் சொல்லவில்லை, அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். தெரியாமல் ஓடும் டேட்டாவைச் சொல்கிறேன்.

இந்த நான்குக்கும் முன்னால் ஒரு கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். கண்காட்சியில் ஒரு நாளில் 150 படம் எடுக்கிறீர்கள், படம் ஒன்று 4 எம்பி என்றால் 600 எம்பி. அரை நிமிட வீடியோ 12, அதாவது 6 நிமிடம். 1080பி தரத்தில் நிமிடத்துக்கு 60 எம்பி போகும் என்று வைத்தால் 360 எம்பி. மொத்தம் ஒரு ஜிபிக்குச் சற்றுக் குறைவு. வீடியோவை 4கே-யில் எடுத்தால் நிமிடத்துக்கு 170 எம்பியோ அதற்கு மேலோ போகலாம், அப்போது வீடியோவே ஒரு ஜிபி ஆகிவிடும். கைப்பிடியின் பளபளப்பைக் காட்ட 4கே தேவையே இல்லை, கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள்.

இந்த ஒரு ஜிபியில் இன்று இரவே தம்பி பார்க்க வேண்டியது எவ்வளவு? அதிகம் போனால் 30 படம். அவற்றைச் சிறிதாக்கி அனுப்பினால் படம் ஒன்று 400 கேபி, மொத்தம் 12 எம்பி. மீதி எல்லாம் ஊருக்கு வந்தபின் போனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. 12 எம்பியையும் ஒரு ஜிபியையும் ஒரே வழியில் அனுப்பப் பார்ப்பதால்தான் பலருக்குப் பணமும் தூக்கமும் போகின்றன.

## இந்திய சிம்மில் ரோமிங் பேக்

சீனா போகிறவருக்கு இதில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. ரோமிங்கில் உங்கள் போன் குவாங்சோவில் உள்ள கோபுரத்தோடு பேசினாலும், டேட்டா அங்கேயே இணையத்தில் கலந்துவிடுவதில்லை. வழக்கமாக அது ஒரு தனி வழியில் உங்கள் சொந்த நிறுவனத்தின் வலைக்கு வந்து, அங்கிருந்துதான் இணையத்துக்குப் போகும். அதனால் சீனத் தடுப்பு அதன் குறுக்கே வராது. டிரைவ் திறக்கும், வாட்ஸாப் திறக்கும், ஜிமெயில் திறக்கும். போய்ச் சுற்றி வருவதால் கொஞ்சம் தாமதமாகத் திறக்கும், அவ்வளவுதான். ஓடிபியும் அதே சிம்முக்கு வந்துவிடும்.

குறை என்னவென்றால் அளவும் விலையும். நமது 12 எம்பி வேலைக்கு எந்தச் சின்ன பேக்கும் தாராளம். நாள் ஒன்றுக்கு ஒரு ஜிபி போடப் பார்த்தால்தான் கையைக் கடிக்கும். 'அன்லிமிடெட்' என்று எழுதியிருந்தாலும் ஓர் அளவுக்கு மேல் வேகத்தைக் குறைக்கும் நிபந்தனை இருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். அந்த பேக் மலேசியா, சீனா இரண்டிலும் செல்லுமா என்றும் பாருங்கள். ஒரு நாட்டுக்கு வாங்கிவிட்டு இன்னொன்றில் டேட்டாவைத் திறந்தால் பேக் இல்லாத விலைதான் ஓடும், அது எம்பிக்கு இவ்வளவு என்று ஏறும். விமானத்திலும் கப்பலிலும் உள்ள தனி வலைகள் பல பேக்குகளில் சேராது. அதனால் ஏறி உட்கார்ந்ததும் ஏரோபிளேன் மோடை மறக்கக் கூடாது.

தெரியாமல் ஓடும் டேட்டாவுக்குப் பெரிய ஓட்டை ஹாட்ஸ்பாட்தான். போனில் 'வைஃபையில் மட்டும் பேக்கப்' என்று வைத்திருப்பீர்கள், நல்லது. ஆனால் போனின் ஹாட்ஸ்பாட்டை லேப்டாப்புக்குக் கொடுத்தால், லேப்டாப் அதை ஒரு சாதாரண வைஃபை என்றே நினைக்கும். கேமராவிலிருந்து இறக்கிய படங்கள், விண்டோஸ் அப்டேட் எல்லாம் ரோமிங் டேட்டாவில் ஓட ஆரம்பிக்கும். ஒரு மின்னஞ்சல் பார்க்கத்தானே கொடுத்தேன் என்பார்கள், பேக் முடிந்துபோயிருக்கும். விண்டோஸில் அந்த வைஃபையின் பண்புகளில் Metered connection என்பதைப் போட்டுவிடுங்கள். அதோடு டிரைவ் மென்பொருளையும் கையால் நிறுத்தி வைப்பது நல்லது. மேக் என்றால் அந்த வைஃபைக்கு Low Data Mode.

வாட்ஸாப்பில் ரோமிங்குக்கு என்றே தனி வரி இருக்கிறது, When roaming என்று. அதில் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கங்களுக்கு ரோமிங் காசு கொடுக்க வேண்டியதில்லை.

## உள்ளூர் சிம் அல்லது இ-சிம்

இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், சீனாவில் அப்படி இல்லை. மலேசியாவில் பாஸ்போர்ட்டைக் காட்டி விமான நிலையத்திலேயே ஒரு சிம் வாங்கிப் போடலாம். டேட்டா மலிவு, டிரைவ் திறக்கும், ஒரு ஜிபியையும் நிம்மதியாக ஏற்றலாம். கோலாலம்பூர் மட்டும் போகிறவர் இதை எடுத்துக்கொண்டு மேலே படிக்காமல் போய்விடலாம்.

குவாங்சோவில் வாங்கும் சீன சிம் அந்த நாட்டுக்குள்ளேயே இணையத்தில் இறங்கும். வேகம் பிரமாதமாக இருக்கும், டிரைவ் மட்டும் திறக்காது. நமது வேலைக்கு அது உதவாது.

பயணத்துக்கென்று விற்கும், அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றிக்கொள்ளும் இ-சிம் வேறு கதை. அவற்றில் பல, சிங்கப்பூர் அல்லது ஹாங்காங் நிறுவனத்தின் ரோமிங் இணைப்புகள்தான். ஆக அவற்றின் டேட்டாவும் சீனாவுக்கு வெளியே போய்த்தான் இணையத்தில் கலக்கும், டிரைவ் திறக்கும். வாங்கும் முன் 'சீனாவில் கூகுள் திறக்குமா, எந்த நாட்டு வழியாகப் போகிறது' என்று கேளுங்கள். ஒழுங்கான விற்பனையாளர் அதை எழுதியே வைத்திருப்பார். எழுதாதவரிடம் வாங்காதீர்கள்.

உங்கள் போனில் இ-சிம் போகுமா என்று பார்க்க `*#06#` அடியுங்கள். வரும் பட்டியலில் EID என்று ஒரு நீண்ட எண் இருந்தால் போகும். வாங்குவதையும் ஏற்றுவதையும் ஊரிலேயே முடித்துவிடுங்கள். ஏற்றுவதற்கே இணையம் வேண்டும், போய் இறங்கிய இடத்தில் விற்பவரின் தளமே திறக்காமல் போகலாம். 2024 ஜனவரியில் சில வெளிநாட்டு இ-சிம் செயலிகள் இந்தியாவின் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. அதனால் நண்பர் போன தடவை பயன்படுத்தியது இப்போது கிடைக்காமல் இருக்கலாம்.

இதன் மறைவுச் செலவு இந்திய சிம்மில் இருக்கிறது. பயண இ-சிம்மில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், ஓடிபி வரும் எண் கிடையாது. அதனால் இந்திய சிம்மையும் போனில் விட்டு வைப்பீர்கள். அப்போது மூன்று இடங்களைச் சரிபார்க்க வேண்டும். இந்திய சிம்முக்கு Data Roaming அணைந்திருக்க வேண்டும். இ-சிம்முக்கு அது திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கியது சும்மா கிடக்கும். ஐபோனில் Allow Mobile Data Switching அணைந்திருக்க வேண்டும். இது திறந்திருந்தால், இ-சிம்மில் சிக்னல் குறையும்போது போன் தானாகவே இந்திய சிம்மின் டேட்டாவுக்குத் தாவப் பார்க்கும். சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே வசதி Auto data switching என்ற பெயரில் இருக்கிறது. அப்புறம், பேக் இல்லாத இந்திய சிம்மில் ஆச்சி ஊரிலிருந்து கூப்பிட்டு நீங்கள் எடுத்தால் அந்த நிமிடத்துக்கும் காசு உண்டு. வாட்ஸாப்பில் கூப்பிடச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

## ஹோட்டல் வைஃபை

காசு கிடையாது, அதனால் எல்லாரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். ஏற்றும் வேகம் 1 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 450 எம்பி போகும், அதுவும் அறுபடாமல் ஓடினால். நமது ஒரு ஜிபிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோலாலம்பூர் அறையில் நுழைந்ததும் fast.com திறந்து Show more info அழுத்துங்கள், ஏற்றும் வேகம் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். இரண்டுக்கு மேல் காட்டினால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். அரைக்குக் கீழே காட்டினால் அந்த 30 படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போட்டுவிட்டுத் தூங்குவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. திரை அணைந்ததும் பல போன்கள் பின்னணி வேலையை நிறுத்திவிடும். காலையில் பார்த்தால் பத்து படம்தான் போயிருக்கும். சார்ஜரில் செருகி, செயலியைத் திறந்தே வையுங்கள். லேப்டாப்பில் பிரவுசர் வழியாகப் போடாமல் டிரைவ் மென்பொருள் வழியாகப் போடுங்கள். பிரவுசரில் தாவல் மூடினாலோ லேப்டாப் தூங்கினாலோ பாதியில் நின்ற பெரிய வீடியோ முதலிலிருந்து ஆரம்பிக்கும். இரவு 9 முதல் 11 வரை எல்லா அறையிலும் ஆள் இருப்பார்கள், வேகம் படுத்துவிடும். விடியற்காலை 5 மணிக்குத் தனியாகக் கிடைக்கும். ஆனால் மலேசியா, சீனா இரண்டும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், அப்போது ஊரில் இரண்டரை மணி ராத்திரி. இரவு 9 மணிக்குள் அனுப்பினால் தம்பிக்கு மாலை ஆறரை, கடையில் இருப்பார்.

குவாங்சோ ஹோட்டலில் இந்தக் கணக்கே எழாது, டிரைவ் திறக்காது. 'விபிஎன் போட்டால் போச்சு' என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே அரசு அனுமதிக்காத விபிஎன் சட்டத்துக்குப் புறம்பானது, வேலை செய்வதும் நிச்சயமில்லை. வியாபாரத்துக்குப் போன இடத்தில் அந்தத் தலைவலி எதற்கு என்பதே என் கட்சி.

திறக்காதபோது, தடுப்பா அல்லது பலவீனமா என்று கண்டுபிடிப்பது எளிது. சீனத் தேடுதளமான `baidu.com` பட்டென்று திறந்து டிரைவ் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றால் தடுப்பு. இரண்டுமே தவழ்ந்தால் வைஃபை பலவீனம். எதுவுமே திறக்கவில்லை என்றால், அறை எண்ணும் பெயரும் கேட்கும் நுழைவுப் பக்கத்தை நீங்கள் இன்னும் கடக்கவில்லை. அந்தப் பக்கம் தானாக வராவிட்டால் `http://neverssl.com` அடித்தால் பெரும்பாலும் வரும். கடைசியாக ஒரு சோதனை, போனில் வைஃபையை அணைத்து ரோமிங்கில் டிரைவைத் திறந்து பார்ப்பது. திறந்துவிட்டால் கணக்கிலும் செயலியிலும் கோளாறு இல்லை என்று தெரிந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றுகிறேன் பேர்வழி என்று இறங்கிக் கணக்கைப் பூட்டிக்கொள்ள வேண்டாம்.

## கிளவுடையே விட்டுவிட்டு எஸ்எஸ்டி

சட்டைப்பையில் அடங்கும் சேமிப்புக் கருவியான எஸ்எஸ்டி ஒன்றை யூஎஸ்பி-சி வழியாகப் போனிலேயே செருகலாம், ஐபோன் 15 முதல் வந்தவற்றிலும் இது நடக்கும். ஒரு ஜிபி பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். தடுப்பு இல்லை, ரோமிங் இல்லை, ஓடிபி இல்லை. exFAT முறையில் அமைத்துவிட்டால் விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும், போன்களிலும் பல படிக்கும். வாங்கியதும் உங்கள் போனில் ஒரு தடவை செருகிப் பார்த்துவிடுங்கள்.

ஊரில் இருப்பவர் அன்றே பார்க்க முடியாது என்பது இதன் குறை. எஸ்எஸ்டியும் போனும் ஒரே பையில் இருந்து பை தொலைந்தால் இரண்டும் போகும் என்பது அடுத்தது. எஸ்எஸ்டி அறையில் இருக்கட்டும், போன் கையில் இருக்கட்டும்.

## ஒரே பார்வையில்

| | மலேசியா, சிங்கப்பூரில் டிரைவ் | சீனாவில் டிரைவ் | ஓடிபி | மறைவுச் செலவு |
|---|---|---|---|---|
| இந்திய ரோமிங் | திறக்கும் | திறக்கும் | வரும் | ஹாட்ஸ்பாட், பேக்கில் சேராத நாடு |
| உள்ளூர் சிம் | திறக்கும் | திறக்காது | இந்திய சிம்மைக் கழற்றினால் வராது | வரிசை, பாஸ்போர்ட் பதிவு |
| பயண இ-சிம் | திறக்கும் | வெளிநாட்டு வழி என்றால் திறக்கும் | இந்திய சிம்மில் மட்டும் | தானாகத் தாவும் டேட்டா, வரும் அழைப்பு |
| ஹோட்டல் வைஃபை | வேகத்தைப் பொறுத்தது | திறக்காது | தொடர்பில்லை | உங்கள் தூக்கம் |
| எஸ்எஸ்டி | தேவையில்லை | தேவையில்லை | தேவையில்லை | வாங்கும் விலை, தொலையும் அபாயம் |

## அப்போது எதை எடுப்பது

நமது பயணத்துக்கு என் யோசனை இது. இந்திய சிம்மில் மலேசியா, சீனா இரண்டிலும் செல்லும் சின்ன ரோமிங் பேக், கூடவே ஓர் எஸ்எஸ்டி. தினமும் மாலை 30 படத்தைப் பொறுக்கிச் சிறிதாக்கி ரோமிங்கில் டிரைவுக்கு அனுப்புங்கள். முழு ஒரு ஜிபியும் எஸ்எஸ்டிக்கு. கோலாலம்பூர் வழியாகத் திரும்பினால், அங்கே ஹோட்டல் வைஃபை நன்றாக இருந்தால் மீதியை ஏற்றலாம், இல்லாவிட்டால் ஊருக்கு வந்து ஏற்றிக்கொள்ளலாம். ஐபோன் வைத்திருப்பவர் குவாங்சோ ஹோட்டல் வைஃபையிலேயே ஐகிளவுடுக்கு ஒரு நகல் போகவிடலாம். இலவச இடம் 5 ஜிபிதான் என்பதால் முன்பே பாருங்கள். கூகுளில் இலவசம் 15 ஜிபி என்றாலும் ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் அதையே பங்கு போடுகின்றன. கடைக் கணக்கு பல வருஷமாக ஓடுகிறது என்றால் அது நிறைந்தே இருக்கலாம். குவாங்சோவில் நின்றுகொண்டு பழைய மெயிலை அழிக்கும் வேலை வேண்டாம்.

இரண்டு, மூன்று பேராகப் போய் ஆளுக்கொரு அரங்கில் சுற்றி, நாள் முழுக்க வீடியோ அழைப்பிலேயே சரக்கைக் காட்டப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அப்போது பெரிய அளவுள்ள, ஹாங்காங் அல்லது சிங்கப்பூர் வழி இ-சிம்தான் கட்டுப்படியாகும். இந்திய சிம்மில் எஸ்எம்எஸ் வரும் அளவுக்கு ரோமிங் இயங்கினால் போதும், டேட்டா வேண்டாம்.

பினாங்கு, சிங்கப்பூர் மட்டும் என்றால் உள்ளூர் சிம்மோ இ-சிம்மோ, கூட ஹோட்டல் வைஃபை. எஸ்எஸ்டி கட்டாயமில்லை. பெரியவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் விலை கூடினாலும் இந்திய ரோமிங்கையே போட்டுவிடுங்கள். சிம் மாற்றி, அமைப்பு மாற்றி அவர்கள் படும் பாட்டை எந்த மிச்சமும் ஈடுகட்டாது.

எந்த வழி எடுத்தாலும் கிளம்பும் முன்தினம் இரண்டு வேலை இருக்கிறது. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், ஹோட்டல் சீட்டு, விலைப்பட்டியல் ஆகியவற்றை டிரைவில் Available offline ஆக்குங்கள். ஏரோபிளேன் மோடு போட்டு ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள், திறந்தால்தான் போனில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 2-Step Verification போட்டு, அதற்குள் Backup codes எடுங்கள். எட்டு இலக்கத்தில் பத்து எண் வரும், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். தாளில் அச்சிட்டு ஒன்றைப் பெட்டியில் வையுங்கள், இன்னொன்றைத் தம்பியிடம் கொடுங்கள். போனே தொலைந்துபோனாலும், கடவுச்சொல் நினைவிருந்தால் கோலாலம்பூரில் வேறொரு போனிலிருந்து அதை வைத்து உள்ளே நுழையலாம். குவாங்சோவில் என்றால் ரோமிங்கில் இருக்கும் இன்னொருவர் போன் வேண்டும்.